இருட்டில் தொலையும் பொத்தான்

மின்கட்டணம் கட்டும் ஒரு இணையப் பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணி. நடுவில் கருநீலத்தில் ஒரு பொத்தான், அதன் மேல் வெள்ளை எழுத்தில் ‘கட்டணம் செலுத்து’. கீழே அதே கருநீலத்தில் ‘பழைய ரசீதுகள்’ என்ற இணைப்பு. பகலில் பார்க்க எந்தக் குறையும் இல்லை.

2019-இல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 13-உம் மற்ற போன்களுக்கு ஆண்ட்ராய்டு 10-உம் வந்தபோது, போன் முழுவதையும் டார்க் மோடுக்கு மாற்றும் வசதி பரவலானது. நம் பக்கத்தையும் அப்படி மாற்ற நினைத்து, பின்னணியை மட்டும் கருமையாக்கினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாகச் சொல்வார்கள். வெள்ளையில் கறுப்பு என்றால் 21. இரண்டும் ஒரே நிறம் என்றால் 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி எனும் சர்வதேச வழிகாட்டி. நம் கருநீலம் `#0D47A1`. வெள்ளையில் அதன் விகிதம் 8.6. `#121212` என்ற கருமையில் அதே நீலம் 2.2-க்கு இறங்கிவிடுகிறது. பார்வை மங்கிய ஒருவருக்கு ரசீது இணைப்பு அங்கே இருப்பதே தெரியாது.

சரி, டார்க் மோடில் மட்டும் அந்த நீலத்தை வெளிர்நீலமாக, `#90CAF9` ஆக, மாற்றுகிறோம். இணைப்பு பளிச்சென்று தெரிகிறது, விகிதம் 10.7. ஆனால் பொத்தானுக்கும் அதே நீலம்தானே? இப்போது வெளிர்நீலப் பொத்தான் மேல் வெள்ளை எழுத்து, விகிதம் 1.75. இணைப்பைக் காப்பாற்றப் போய், பணம் கட்ட வந்தவர் தேடும் பொத்தானையே படிக்க முடியாமல் செய்துவிட்டோம்.

டிசைன் டோக்கன் என்ற ஏற்பாடு இந்தச் சிக்கலைத்தான் அவிழ்க்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புக் குழுவில் தொடங்கிப் பரவிய முறை இது. நிறத்தின் எண்ணை ஒவ்வொரு இடத்திலும் எழுதாமல், அந்த நிறம் செய்யும் வேலைக்கு ஒரு பெயர் வைத்து, எல்லா இடத்திலும் அந்தப் பெயரையே எழுத வேண்டும். பெயருக்குப் பின்னால் எந்த நிறம் என்பது ஒரே ஒரு கோப்பில் இருக்கும்.

```css
:root {
  color-scheme: light dark;
  --page: #FFFFFF;
  --action: #0D47A1;
  --on-action: #FFFFFF;
}
@media (prefers-color-scheme: dark) {
  :root {
    --page: #121212;
    --action: #90CAF9;
    --on-action: #121212;
  }
}
```

மூன்றாவது பெயரைக் கவனியுங்கள். `--on-action` என்பது பொத்தானின் மேல் வரும் எழுத்து. பொத்தானின் நிறம் மாறும்போது அதுவும் கூடவே மாறுகிறது. வெளிர்நீலத்தின் மேல் கறுப்பெழுத்து, விகிதம் மறுபடி 10.7. பின்னணிக்குப் பெயர் வைத்தால் அதன்மேல் வரும் எழுத்துக்கும் ஜோடியாகப் பெயர் வைக்க வேண்டும். டோக்கன் வைத்தும் டார்க் மோடில் சறுக்குகிற பக்கங்கள் பலவற்றில் விடுபட்டிருப்பது இந்த ஜோடிதான் என்பது என் கணிப்பு. `--blue` என்று பெயர் வைப்பதையும் இந்த இடத்தில் நான் ஏற்கமாட்டேன். நாளைக்கு நிறுவனம் பச்சைக்கு மாறினால் அந்தப் பெயரே பொய்யாகிவிடும்.

`color-scheme` என்ற வரி, பிரவுசர் தானாக வரையும் படிவக் கட்டங்களையும் ஸ்க்ரோல் பட்டையையும் இருளுக்கு மாற்றுகிறது. அதை விட்டுவிட்டால் கறுப்புப் பக்கத்தில் வெள்ளைக் கட்டங்கள் துருத்திக்கொண்டு நிற்கும்.

எழுத்தின் அளவுக்கும் வரி இடைவெளிக்கும் இதே முறைதான். தமிழுக்கு இது கூடுதலாக முக்கியம். ‘கீ’யின் மேல்விலங்கு மேலே ஏறும், ‘கூ’வின் சுழி கீழே இறங்கும். ஆங்கிலத் தலைப்புக்குப் போதும் என்று வைத்த 1.2 மடங்கு இடைவெளியில் இரண்டு வரித் தமிழ்த் தலைப்பு ஒன்றோடொன்று உரசும். அந்த இடைவெளி ஒரு டோக்கனாக இருந்தால், தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டும் அதை 1.5 ஆக்க ஒரு வரி போதும். எண்ணாகவே ஒவ்வொரு திரையிலும் சிதறிக் கிடந்தால் தேடித் தேடித் திருத்த வேண்டியதுதான்.

இணையப் பக்கத்தோடு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் செயலிகளும் இருந்தால், டோக்கன்களை ஒரு ஜேசன் கோப்பில் வைத்து, ஸ்டைல் டிக்‌ஷனரி போன்ற கருவியால் மூன்றுக்கும் ஏற்ற வடிவில் எடுத்துக்கொள்ளலாம்.

டோக்கனால் ஆகாத வேலையும் உண்டு. பின்னணி இல்லாத படமாகச் சேமித்த கறுப்பு எழுத்து லோகோ இருளில் மறைந்துபோகும். அதற்குத் தனிப் படம்தான் வேண்டும். யாரோ அவசரத்தில் நேரடியாக எழுதிய ஒரு `#fff`-உம் டோக்கனுக்குக் கட்டுப்படாது. டோக்கன் கோப்பைத் தவிர்த்து மற்ற ஸ்டைல் கோப்புகளில் `#` குறியோடு வரும் நிற எண்களைத் தேடினால் இப்படிப்பட்டவை பெரும்பாலும் அகப்படும். அதன்பின் போனை டார்க் மோடில் வைத்து, பொத்தான்களை மட்டுமல்லாமல் பிழைச் செய்தி, செயலற்ற பொத்தான், காலிப் பட்டியல் என்று அபூர்வமாக வரும் திரைகளையும் வரவழைத்துப் பார்க்க வேண்டும். சோதனையில் விடுபடுவது பெரும்பாலும் அவைதான்.