தேவி யாருக்குக் கொடுத்தாள்?

தஞ்சாவூரில் நான்காம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒரு சிறுமி, அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததால் அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. தாய்மொழிப் பாடமாகப் பள்ளியிலும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் கணக்குப் பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான். வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கிற பெண், வீட்டுப்பாடத்தில் வந்த வாக்கியக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள். அம்மா நோட்டை வாங்கி, கணக்கைத் தமிழில் சொல்ல ஆரம்பிக்கிறார்.

கணக்கு இதுதான்: மெய் லிங்கிடம் இருந்ததைப் போல மூன்று மடங்கு ஸ்டிக்கர்கள் தேவியிடம் இருந்தன. தேவி 24 ஸ்டிக்கர்களை மெய் லிங்குக்குக் கொடுத்த பிறகு, இருவரிடமும் ஒரே எண்ணிக்கையில் ஸ்டிக்கர்கள் இருந்தன. முதலில் தேவியிடம் எத்தனை இருந்தன?

அடுப்படியில் நின்றுகொண்டு ஓர் அம்மா இதைச் சொன்னால் எப்படி வரும்? “தேவிகிட்ட மூணு மடங்கு இருக்கு. இருபத்திநாலு குடுத்துட்டா. இப்ப ரெண்டு பேருக்கும் சமம். அப்போ முதல்ல எவ்வளவு இருந்துச்சு?” காதுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. யார், யாருக்கு என்று ஒவ்வொரு முறையும் சொல்லாமலே பேசுவது தமிழுக்கு இயல்பு; கேட்பவர்கள் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். ஆனால் இந்தக் கணக்கில் “மெய் லிங்குக்கு” என்ற அந்த ஒரு சொல் உதிர்ந்தால் விடையே மாறிவிடும்.

தேவி 24 ஸ்டிக்கர்களை வேறு யாருக்கோ கொடுத்தாள் என்று சிறுமி எடுத்துக்கொண்டால், மெய் லிங்கின் எண்ணிக்கை மாறாது. தேவியிடம் கூடுதலாக இருந்த இரண்டு மடங்கும் போய்விட்டது, அது 24. ஒரு மடங்கு 12, ஆகவே தேவியிடம் 36. சரிபார்த்தாலும் பொருந்துகிறது: 36-இல் 24 போக 12, மெய் லிங்கிடமும் 12. குழந்தை கேட்ட கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறாள். அவள் காதில் விழுந்ததே வேறு கணக்கு. சரியான விடை 72. பள்ளியில் சிவப்பு மையில் தவறு என்று வந்தால், வகுத்தலில் பிழையா, பெருக்கலில் பிழையா என்று வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் வாக்கியக் கணக்கைத் தமிழாக்கும்போது பேச்சில் விடுகிற சொற்களை வலிந்து சேர்க்க வேண்டும். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எப்போது இருந்தது என்ற மூன்றும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கிறதா என்று பார்ப்பது போதும். “மடங்கு” என்ற சொல்லோடு “அதிகம்” என்பதை ஒட்டாமல் இருப்பதும் நல்லது. “மூன்று மடங்கு” என்றால் மூன்று. “மூன்று மடங்கு அதிகம்” என்றால் சிலர் மூன்று என்பார்கள், சிலர் ஒன்றோடு மூன்றைக் கூட்டி நான்கு என்பார்கள்.

ஒப்பீடு வருகிற இடத்தில் தடுமாறுவது குழந்தைகள் மட்டுமல்ல. ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்கள் வீதம் இருப்பதை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகச் சொல்லி, அதைச் சமன்பாடாக எழுதுமாறு அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டார்கள். 1981-இல் வெளியான அந்த ஆய்வில் 100-க்கு 37 பேர் தவறாக எழுதியிருந்தார்கள். பெரும்பாலானோர் ஆறை மாணவர் பக்கம் போட்டு 6S = P என்று தலைகீழாக்கிவிட்டார்கள்; சரியானது S = 6P. ஆங்கில வாக்கியத்தில் சொற்கள் வந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனது இதற்கு ஒரு காரணம்.

தமிழ் இந்த இடத்தில் குழந்தைக்குக் கைகொடுக்கிறது. “மெய் லிங்கிடம் இருந்ததைப் போல மூன்று மடங்கு தேவியிடம்” என்னும்போது, எதை வைத்து அளக்கிறோமோ அது முதலில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது கடைசியில் வரும். கணக்குக்குப் படம் போடும்போதும் முதலில் வரைய வேண்டியது மெய் லிங்கைத்தான். தமிழில் கேட்கிற வரிசையிலேயே கை ஓடலாம்.

படம் என்றது சிங்கப்பூர்ப் பள்ளிகளில் வழங்கும் ‘மாடல்’ முறையை. 1980-களில் அந்நாட்டுக் கல்வி அமைச்சின் கீழ் கோ தெக் ஹோங் தலைமையிலான பாடநூல் குழு இதைக் கொண்டுவந்தது. தெரியாத எண்ணுக்கு ஒரு நீள்சதுரக் கட்டம். மடங்குக்கு ஏற்ப அதே அளவுக் கட்டங்கள். அங்கே இயற்கணிதம் தொடக்கப்பள்ளியின் ஆறாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் வீட்டில் அவசரப்பட்டு x போட்டுக் காட்டினால், குழந்தை வகுப்பில் ஆசிரியர் வரைவதோடு அதைச் சேர்த்துப் பார்க்க முடியாமல் குழம்புவாள்.

நம் கணக்குக்கு வருவோம். அம்மா ஒரு காகிதப் பட்டையை ஒரே அளவில் நான்கு துண்டாக வெட்டுகிறார். மேசையில் மெய் லிங்குக்கு ஒன்று, அதன் கீழே இடது ஓரம் நேராக இருக்கும்படி தேவிக்கு மூன்று. ஓரம் நேராக இருந்தால்தான் தேவிக்கு எவ்வளவு கூடுதல் என்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே இரண்டு துண்டு கூடுதல்.

“ரெண்டு பேருக்கும் சமமா ஆக்கணும்மா. தேவி எத்தனை துண்டு குடுக்கணும்?”

“ரெண்டு.”

“எடுத்து வெச்சுப் பாரு.”

சிறுமி இரண்டு துண்டுகளை மேலே நகர்த்துகிறாள். இப்போது மெய் லிங்கிடம் மூன்று, தேவியிடம் ஒன்று. “ஐயோ, அவளுக்கு அதிகமாயிடுச்சு” என்று தானாகவே ஒன்றைத் திருப்பி வைக்கிறாள். ஆளுக்கு இரண்டு. கொடுத்தால் ஒரு பக்கம் குறைவதோடு மறுபக்கம் கூடவும் செய்கிறது; அதனால் வித்தியாசத்தில் பாதியைக் கொடுத்தால் போதும். இதை அம்மா விளக்கவே வேண்டியதில்லை, விரல் சொல்லிவிட்டது. நகர்ந்தது ஒரு துண்டு, அது 24. தேவியிடம் முதலில் மூன்று துண்டு, ஆக 72. சரிபார்க்கலாம்: 72-இல் 24 போக 48, மெய் லிங்கின் 24-உடன் 24 சேர்ந்து 48.

தமிழில் புரிந்ததோடு நோட்டை மூடினால் பாதி வேலை நின்றுபோகும், ஏனென்றால் தேர்வில் கேள்வி ஆங்கிலத்தில் வரும். விடை கிடைத்த பிறகு ஆங்கில வாக்கியத்துக்குத் திரும்பி, மூன்று துண்டுகள் எந்தச் சொற்களிலிருந்து வந்தன, துண்டு யாரிடம் நகர்ந்தது என்பது எந்தச் சொல்லில் இருக்கிறது என்று குழந்தையையே பென்சிலால் கோடு போடச் சொல்ல வேண்டும். அடுத்த கணக்கில் அந்தச் சொற்கள் வரும்போது அம்மாவின் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்க மாட்டாள்.

கணக்கை எளிமையாக்கித் தருகிறேன் என்று திருப்பிப் போடுவதும் வேண்டாம். “ரவியிடம் 15 கோலி, இது மீனாவிடம் இருப்பதைவிட 6 குறைவு” என்று கேட்டால், “குறைவு” என்ற சொல்லைப் பார்த்ததும் கழித்து 9 என்று எழுதுகிற பழக்கம் பல பிள்ளைகளிடம் உண்டு. மீனாவிடம் இருப்பது 21. “மீனாவிடம் 6 அதிகம்” என்று அம்மாவே மாற்றிச் சொல்லிவிட்டால், கணக்கு சோதிக்க நினைத்த இடமே காணாமல் போய்விடும்.

வித்தியாசத்தில் பாதி என்பதைச் சிறுமி புரிந்துகொண்டாளா, மனப்பாடம் செய்தாளா என்று பார்க்க, கணக்கில் ஒரு வரியை மாற்றலாம். தேவி 24 ஸ்டிக்கர்களை மெய் லிங்குக்குக் கொடுத்த பிறகும் தேவியிடம் 10 அதிகமாக இருக்கிறது. இப்போது ஒரு துண்டு 24 இல்லை. கூடுதலாக இருந்த இரண்டு துண்டுகளுக்குள் தேவி கொடுத்த 24, அதனால் மெய் லிங்குக்குக் கூடிய 24, மிச்சமிருக்கும் 10 ஆகிய மூன்றும் அடங்க வேண்டும். மொத்தம் 58, ஒரு துண்டு 29, தேவியிடம் முதலில் 87. பட்டையை மறுபடி மேசையில் வைத்து அவள் இதைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆகும். அதுவரை அம்மா வாய் திறக்காமல் இருக்க வேண்டும்.