பச்சை மூட்டையா, சிவப்பு மூட்டையா? நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கும் புரியும் வண்ணத்தைத் தேர்வது எப்படி?

தஞ்சாவூரில் ஓர் அரிசி வியாபாரி புதிதாக பிராண்ட் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொன்னிக்குப் பச்சை மூட்டை. வயல், இயற்கை எல்லாம் அதில் வந்துவிடும். மாப்பிள்ளை சம்பாவுக்குச் சிவப்பு மூட்டை. அரிசியே சிவப்புதானே! கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் இரண்டும் ஜோராக இருக்கிறது. ஆனால், மூட்டை கடைக்குப் போன பிறகு கடைப் பையன் பொன்னி கேட்டவருக்கு மாப்பிள்ளை சம்பாவைத் தூக்கிக் கொடுக்கிறான். அவன் கவனக்குறைவாக இல்லை. அவன் கண்ணுக்கு அந்த இரண்டு மூட்டையும் கிட்டத்தட்ட ஒரே நிறம்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

நிறக்குருடு என்றதும் உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்கள் மிகவும் அபூர்வம். விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. அதில் சிவப்பை அல்லது பச்சையை உணரும் வகை சரியாக வேலை செய்யாமல் இருப்பதுதான் பெரும்பாலானவர்களின் பிரச்சினை. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெண்களைவிட ஆண்களிடம்தான் இது அதிகம்.

இவர்களுக்குச் சிவப்பு, பச்சை, பழுப்பு, ஆரஞ்சு எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசமோ நன்றாகவே தெரியும். வெளிர் எது, அடர்த்தி எது என்பதும் தெரியும். வண்ணம் தேர்ந்தெடுக்கும் எவரும் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அரசே திருத்திக்கொண்ட அடையாளம்

இதற்கு நம் வீட்டுச் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. பிஸ்கட், நூடுல்ஸ் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சை வட்டம் இருக்கும். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. சுற்றிலும் சதுரம், உள்ளே வட்டம், அளவும் ஒன்றுதான். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசமே இல்லை. பச்சையும் பழுப்பும்தான் நிறக்குருடு உள்ளவர்கள் மிகச் சுலபமாகக் குழம்பும் ஜோடி. சைவம் மட்டுமே சாப்பிடும் ஒருவருக்கு இது சின்ன விஷயமா?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதிமுறையில் அசைவ அடையாளம் மாறியது. பழுப்பு நிறம் அப்படியே இருக்க, வட்டத்துக்குப் பதில் முக்கோணம் வந்தது. இதில் ஒரு பாடம் இருக்கிறது: மக்கள் பழகிய நிறத்தை அவர்கள் தூக்கி எறியவில்லை. நிறம் மட்டும் சொன்ன சேதியை வடிவமும் சொல்லும்படி செய்தார்கள். பிராண்ட் நிறத்தை விட மனசில்லாத வியாபாரிக்கும் இதே வழிதான்.

வயலிலும் ஓர் உதாரணம் உண்டு. பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு குறி இருக்குமே, அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமைக்கு ஏற்ப நிறம் இருக்கும். சிவப்புதான் மிகக் கடுமை, பச்சைதான் குறைவு. சிவப்பும் பச்சையும் குழம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் மேல்பாதியில் மண்டை ஓடு படம், 'விஷம்', 'ஆபத்து', 'எச்சரிக்கை' என்ற சொற்கள் இருக்கின்றன. மண்டை ஓடு சிவப்பு வகைக்கு மட்டும்தான். நிறம் ஏமாற்றினாலும் படமும் சொல்லும் காப்பாற்றும்.

மூட்டைக்கு வருவோம்

நம் வியாபாரி தேர்ந்தெடுத்த பச்சை #2E7D32, சிவப்பு #C62828 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிறத்தின் வெளிச்ச வித்தியாசத்தை அளக்க 'கான்ட்ராஸ்ட் விகிதம்' என்று ஒரு கணக்கு உண்டு. வித்தியாசமே இல்லை என்றால் 1, கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21. இணையதளங்களுக்கான சர்வதேச விதி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. பெரிய எழுத்துக்கும் படக்குறிக்கும் 3 போதும். இது திரைக்கான விதிதான் என்றாலும் மூட்டைக்கும் நல்ல அளவுகோல்.

நம் பச்சைக்கும் சிவப்புக்கும் கணக்குப் போட்டால் வருவது வெறும் 1.1. வெளிச்சத்தில் வித்தியாசம் இல்லை, நிறத்தில் மட்டும்தான். அந்த நிறத்தைத்தான் கடைப் பையனால் பிரிக்க முடியவில்லை.

அதற்காக வயலின் பச்சையைக் கைவிட வேண்டியதில்லை. அதையே #1B5E20 என்று இன்னும் அடர்த்தியாக்கிப் பொன்னிக்கு வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை சம்பாவுக்குச் சிவப்புக்குப் பதில் விளைந்த நெல்லின் மஞ்சள், #F2C14E. இதுவும் டெல்டாவின் நிறம்தான். இப்போது விகிதம் 4.7. பச்சை மூட்டையில் மஞ்சள் எழுத்து, மஞ்சள் மூட்டையில் பச்சை எழுத்து என்று மாற்றி மாற்றிப் போட்டாலும் படிக்க முடியும். இரண்டே நிறத்தில் பிராண்டும் நிற்கும்.

சிவப்பு அரிசிக்குச் சிவப்பு இருந்தே ஆகணும் என்றால், அதை ஒரு கோடாகவோ பூவாகவோ அழகுக்கு வையுங்கள். 'இது எந்த அரிசி' என்று சொல்லும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். மூன்றாவது ரகம் வந்தால் நீலம் கைகொடுக்கும். கூடவே, பொன்னிக்கு ஒரு பட்டை, மாப்பிள்ளை சம்பாவுக்கு இரண்டு பட்டை என்று மூட்டையின் ஓரத்தில் போட்டால், அடுக்கி வைத்த மூட்டையைப் பக்கவாட்டில் பார்த்தே எடுத்துவிடலாம்.

அச்சுக்கு முன் மூன்று சோதனை

முதலில், டிசைனை மொபைலில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு மூட்டையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் டிசைன் தேறவில்லை. ஆனால், இதில் தேறிவிட்டால் மட்டும் போதாது. சிவப்பை உணரும் செல் இல்லாதவர்களுக்குச் சிவப்பு நாம் நினைப்பதைவிட இருண்டு தெரியும். கறுப்பில் சிவப்பு எழுத்து போட்டால் அவர்களுக்கு அது மறைந்தே போகும். கறுப்பு வெள்ளைப் படம் இதைக் காட்டாது.

ஆகவே இரண்டாவது சோதனை. போட்டோஷாப்பில் View மெனுவுக்குள் Proof Setup, அதற்குள் Color Blindness என்று இருக்கும். இணையப் பக்கம் என்றால் குரோம் டெவலப்பர் கருவியின் Rendering பகுதியில் Emulate vision deficiencies. இரண்டிலும் Protanopia, Deuteranopia என்ற வகைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது சிவப்புக் குறை, அடுத்தது பச்சைக் குறை. இவை கடுமையான குறையைக் காட்டுபவை. பலருக்கு அதைவிட லேசாகத்தான் இருக்கும். எனவே இதில் தேறினால் அவர்களுக்கும் சரியாக இருக்கும்.

மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது. திரையில் பார்த்த நிறம் பிளாஸ்டிக் சாக்கில் அப்படியே விழாது. மை கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ விகிதம் மாறிவிடும். 4.7 என்பது 4.5-ஐ ஒட்டி நிற்கும் எண். மஞ்சள் சற்று மங்கினாலே கீழே போய்விடும். அதனால் மொத்த ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாதிரிச் சாக்கு இரண்டை வாங்கி, சாயங்காலம் குடோன் வெளிச்சத்தில் பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். முடிந்தால் நிறக்குருடு உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, "பொன்னி மூட்டையை எடுங்க" என்று சொல்லுங்கள். 'இது என்ன நிறம்?' என்று கேட்காதீர்கள். பலர் பழக்கத்தில் சரியாகச் சொல்லிவிடுவார்கள். தயங்காமல் சரியான மூட்டையில் கை வைக்கிறாரா என்பதுதான் சோதனை.