மூவாயிரம் ரூபாய் எங்கே போனது?
கடை பில்லில் இருக்க வேண்டியவை

தை மாதம். ஒரு வீட்டில் புதுமனை புகுவிழா. தெருமுனை மளிகைக் கடையில் சாமான் வாங்கினார்கள். விழா நன்றாக முடிந்தது. ஆனால் நான்கு நாள் கழித்துக் கடை வாசலில் பெரிய வாக்குவாதம்!

"அண்ணாச்சி, நான் முன்பணம் 3 ஆயிரம் கொடுத்தேனே! அதைக் கழிக்காமல் என் வீட்டுக்காரரிடம் முழுப் பணத்தையும் வாங்கி விட்டீர்களே!" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"இல்லை அக்கா! சாமான் 11 ஆயிரம். உங்கள் 3 ஆயிரத்தைக் கழித்துத்தான் 8 ஆயிரம் என்று எழுதினேன்" என்றார் கடைக்காரர்.

இருவரும் பொய் சொல்லவில்லை. கடைக்காரருக்கு அப்படித்தான் நினைவு. பத்து வருடப் பழக்கம் அன்றோடு முறிந்து விடும் போல இருந்தது.

இது ஒரு கற்பனைக் கதைதான். ஆனால் இப்படிப்பட்ட சண்டை எந்தத் தெருவிலும் நடக்கக் கூடியது. இதற்குக் காரணம் ஒரு துண்டுச் சீட்டு.

சீட்டில் இருந்தது என்ன?

கடைப் பையன் கொண்டு வந்து கொடுத்த சீட்டில் மூன்றே வரிகள்தான் இருந்தன:

"சாமான் 8,000. பழசு 1,150. ஆக 9,150."

கடையின் பெயர் இல்லை. தேதி இல்லை. என்ன சாமான், எத்தனை கிலோ என்பது இல்லை. முன்பணம் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

வெளியூரில் இருந்த கணவருக்கு அந்தச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார்கள். முன்பணம் கொடுத்தது அவருக்குத் தெரியாது. கைபேசி மூலம் 9,150 ரூபாயையும் அனுப்பி விட்டார்.

வழக்கு தீர்ந்தது எப்படி?

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "ஏன் சண்டை? கொடுத்த சாமானை ஒவ்வொன்றாக எழுதுங்கள்" என்றார். கடைக்காரர் எழுதினார்.

அரிசி 2 மூட்டை, மூட்டை 1,450 வீதம் 2,900 ரூபாய்.
துவரம் பருப்பு 10 கிலோ, கிலோ 140 வீதம் 1,400 ரூபாய்.
எண்ணெய் 15 லிட்டர், லிட்டர் 200 வீதம் 3,000 ரூபாய்.
சர்க்கரை 10 கிலோ, கிலோ 45 வீதம் 450 ரூபாய்.
வண்டி வாடகை 250 ரூபாய்.

கூட்டினால் 8 ஆயிரம். பதினோராயிரம் அல்ல! முன்பணத்தைக் கழிக்கவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்து விட்டது. கடைக்காரர் 3 ஆயிரத்தை அப்போதே திருப்பிக் கொடுத்தார்.

பாருங்கள்! பொருள், அளவு, விலை, தொகை என்ற நான்கையும் எழுதிய உடனே உண்மை வெளியே வந்தது. இதை முதலிலேயே எழுதியிருந்தால் சண்டையே வந்திராது.

சரியான பில் எப்படி இருக்கும்?

அதே வியாபாரத்துக்குச் சரியான பில் எழுதிப் பார்ப்போம்.

தலைப்பில் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண். அதற்குக் கீழே "பில் எண் 146" என்றும், "தேதி 20-1-2025" என்றும் இருக்க வேண்டும். பிறகு, யாருக்கு இந்தப் பில் என்று வாங்கியவரின் பெயர்.

பில் எண் வரிசையாகப் போக வேண்டும். 146-க்குப் பிறகு 147. ஒரே எண்ணை இரண்டு பேருக்குப் போடக் கூடாது. "146-ம் எண் பில்லுக்குப் பணம் கொடுத்து விட்டேன்" என்று சொன்னால் வேறு பேச்சுக்கு இடம் இல்லை.

அடுத்து, மேலே கண்டபடி பொருள்களின் பட்டியல். வண்டி வாடகையை அரிசி விலையோடு சேர்க்காமல் தனி வரியில் எழுத வேண்டும்.

அதன் கீழே கணக்கு இப்படி முடிய வேண்டும்:

மொத்தம் 8,000
முன்பணம் கழிவு 3,000
இந்தப் பில்லுக்குக் கட்ட வேண்டியது 5,000

கடைசி வரிதான் பில்லின் உயிர். பணம் கொடுப்பவர் அந்த ஒரு தொகையைப் பார்த்தால் போதும். அவர் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கும்படி விடக் கூடாது.

பழைய பாக்கியை என்ன செய்வது?

பழைய 1,150 ரூபாயைப் புதிய சாமானோடு கலக்கக் கூடாது. அதற்கு ஏற்கெனவே ஒரு பில் இருக்கும். ஆகவே அடியில் தனியாக, "முன் பில் எண் 131-க்குப் பாக்கி 1,150" என்று எழுதலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பவர் 6,150 கொடுப்பார். ஒன்றை மட்டும் கொடுத்தாலும் எது தீர்ந்தது, எது நிற்கிறது என்று இரு தரப்புக்கும் தெரியும்.

எப்போது, யாரிடம்?

கடன் பில் என்றால் கெடு எழுத வேண்டும். "சீக்கிரம் கொடுக்கவும்" என்று எழுதினால் கடைக்காரருக்கு அது நாளை. வாங்கியவருக்கு அடுத்த மாதம்! "31-1-2025-க்குள்" என்று தேதியே போட்டு விட்டால் வம்பு இல்லை.

கைபேசியில் பணம் வாங்கும் கடையில், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பில்லில் எழுத வேண்டும். கடையின் பெயர் ஒன்று, கணக்கு மகன் பெயரில் என்றால் பணம் அனுப்புகிறவர் திகைப்பார். அனுப்பும்போது திரையில் பெயர் தோன்றும். அது பில்லில் உள்ள பெயர்தானா என்று பார்த்த பிறகே ரகசிய எண்ணை அழுத்துங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் "பில் 146" என்று போடுங்கள்.

வரி உண்டா?

ஜி.எஸ்.டி. பதிவு பெறாத கடை, பில்லில் அந்த வரியைப் போட்டு வசூலிக்கக் கூடாது. நம் கதையில் வரும் கடை பதிவு பெறாதது. ஆகவே வரி என்ற வரியே அதில் இல்லை.

முறைப்படி பதிவு பெற்று வரி வசூலிக்கும் கடை என்றால், அதன் பதிவு எண் பில்லில் இருக்கும். எழுத்தும் இலக்கமும் சேர்ந்து அது மொத்தம் 15. தமிழ்நாட்டுக் கடையின் எண் 33 என்று தொடங்கும். வரி எத்தனை சதவீதம், எவ்வளவு ரூபாய் என்பது தனியாகக் காட்டப்பட்டிருக்கும். வரி போட்டிருக்கிறது, பதிவு எண் இல்லை என்றால் கேளுங்கள்.

பில் வேறு, ரசீது வேறு

பில் என்பது "இவ்வளவு தர வேண்டும்" என்று கேட்பது. ரசீது என்பது "பெற்றுக் கொண்டேன்" என்று சொல்வது. பில் கையில் இருப்பதாலேயே பணம் கட்டியதாக ஆகாது. முன்பணம் கொடுத்தாலும் அப்போதே ரசீது வாங்குங்கள். நம் கதையில் அந்த அம்மாளிடம் 3 ஆயிரத்துக்கு ஒரு ரசீது இருந்திருந்தால் வாக்குவாதத்துக்கே வேலை இல்லை.

பில் கேட்பது கடைக்காரரை நம்பாத காரியம் அல்ல. விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்று சொல்கிறது.

கடைக்காரர்களே! கார்பன் வைத்து இரண்டு படி எழுதுங்கள். ஒன்று வாங்கியவருக்கு, ஒன்று உங்களுக்கு. தவறு நேர்ந்தால் அதன் மேலேயே திருத்தி எழுதாதீர்கள். அந்தப் பில்லை "ரத்து" என்று எழுதி வைத்துக்கொண்டு, புது எண்ணில் வேறு பில் போடுங்கள்.

நம் கதைக் கடைக்காரர் மறுநாளே அச்சடித்த பில் புத்தகம் வாங்கி விட்டார். அதில் முதல் பில் யாருக்குத் தெரியுமா? அதே அம்மாளுக்குத்தான்!