ஒரே பொருளுக்கு இரண்டு நிறையா?

"சார், 2 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் நிறை 19.6 நியூட்டன் என்று என் சுருக்கத்தில் வந்திருக்கிறது. ஒரே நிறை எப்படி இரண்டு அலகில் வரும்?" என்று கேட்டார், ஏற்காட்டு மலையிலுள்ள வெள்ளக்கடையிலிருந்து வந்து படிக்கும் என் மாணவர் ஒருவர்.

இலங்கையில் அச்சான பழைய பௌதிகவியல் நூல் ஒன்றின் நான்காம் அத்தியாயத்தைச் சேலத்து நண்பர் ஒருவர் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இவருக்கு அனுப்பியிருந்தார். 86 முதல் 123 வரை 38 பக்கங்கள்; வந்தவையும் 38 படங்கள். மலையில் படங்கள் விட்டுவிட்டு வந்து சேர, நான்கு மாலைகளில் படத்துக்கு ஐந்தாறு வரியாகச் சுருக்கி எழுதிவிட்டார். ஊரிலுள்ள பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பு அது.

பிழை எங்கே நேர்ந்தது? நாம் 'நிறை' என்பதை இலங்கை நூல்கள் 'திணிவு' என்கின்றன. நாம் 'எடை' என்பதே அங்கே 'நிறை'. அதேபோல் நம் 'வேகம்' அங்கே 'கதி'. நம் 'திசைவேகம்' அங்கே 'வேகம்'. முற்றிலும் புதிய சொல்லான 'ஆர்முடுகல்' தொல்லை தரவில்லை. அதை முடுக்கம் என்று எவரும் விசாரித்துத் தெரிந்துகொள்வர். தெரிந்த சொல்லாகத் தோன்றி வேறு பொருள் தருவதுதான் ஏமாற்றும். முதல் மாலையில் 'திணிவு' என்று கண்ட இடமெல்லாம் பழக்கத்தால் 'நிறை' என எழுதிய மாணவர், மூன்றாம் மாலையில் நூலின் 'நிறை'யை அப்படியே எடுத்தெழுதிவிட்டார். தனித்தனியே பார்த்தால் இரு குறிப்பும் சரியாகவே தோன்றும். சேர்த்துப் படித்தபோதுதான் முரண்பாடு தெரிந்தது.

நூலிலேயே இச்சொற்களுக்கு விளக்கம் இருந்திருக்குமே என்ற ஐயம் எனக்கு எழுந்தது. எனவே சுருக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, படங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினோம். `IMG-20250614-WA0007.jpg` போன்ற பெயரிலுள்ள கடைசி எண் படம் வந்த வரிசையைக் காட்டுமே தவிர, பக்க வரிசையை அன்று. ஒவ்வொரு படத்துக்கும் அதில் அச்சான பக்க எண்ணையே பெயராக இட்டோம். `86.jpg` என்று இடாமல் `086.jpg` என மூன்று இலக்கமாக இட்டோம். இல்லாவிட்டால் எழுத்து வரிசையில் 100 என்பது 86க்கு முன்னால் போய் நின்றுவிடக்கூடும்.

அடுத்து, ஒரு வரிகூடச் சுருக்காமல் தலைப்புகளை மட்டும் பக்க எண்ணுடன் எழுதினோம். பக்கத்தின் உச்சியில் திரும்பத் திரும்ப வரும் அத்தியாயப் பெயரை மாணவர் ஒவ்வொரு முறையும் புதிய தலைப்பாக எடுத்திருந்தார், அவற்றை நீக்கினோம். 97ஆம் பக்கத்தின் அடியில் ஒரு தலைப்பு தனியே நின்றது. அதற்குரிய செய்தி 98இல். படத்துக்குப் படம் சுருக்கியதால் அந்தப் பகுதி தலைப்பை இழந்து, முந்தைய பகுதியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பட்டியலில் 4.4க்கு அடுத்து 4.6 வந்தது. 103ஆம் பக்கம் இருமுறை வந்திருந்தது. 104 வரவே இல்லை. படங்களின் மொத்தக் கணக்கு பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை! மறுநாள் அந்தப் பக்கம் வந்தது. அதில் இருந்தது 4.5, 'திணிவும் நிறையும்'.

பின்னர் ஒரு சொற்பட்டியல் தயாரித்தோம். நூலின் சொல், முதலில் வரும் பக்கம், அங்கே தரப்பட்ட வரையறை, குறியீடு, அலகு, நம் பாடநூல் சொல் என்று கட்டங்கள். இவற்றுள் அலகுதான் நல்ல காவலாளி. கிலோகிராம் வந்தால் திணிவு, நியூட்டன் வந்தால் நிறை. கதிக்கும் வேகத்துக்கும் அலகு ஒன்றே ஆதலால் அங்கே இந்தச் சோதனை உதவாது. திசை கூறப்பட்டிருக்கிறதா என்று வாக்கியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது? நூலின் சொல்லையே வைத்து, நம் சொற்களை முதல் பக்கத்தில் பட்டியலாகத் தருவதே நல்லது என்பேன். ஐயம் வந்தால் படிப்பவர் மூலத்துக்குத் திரும்ப முடியும். ஆனால் பிள்ளைகள் தேர்வில் நம் சொற்களை எழுதவேண்டுமே என்றார் மாணவர். அதுவும் நியாயமே. ஆகவே முழுச் சுருக்கத்தையும் படவாரியாக இல்லாமல் தலைப்புவாரியாக, நூலின் சொற்களிலேயே திரும்ப எழுதி முடித்த பிறகு மாற்றினோம்.

அங்கும் வரிசை உண்டு. முதலில் 'நிறை'யை 'எடை' ஆக்கி, அதன்பின்னரே 'திணிவை' 'நிறை' ஆக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் எல்லாமே எடையாகிவிடும். வேகம், கதி இரண்டுக்கும் இதே முறைதான். கணிப்பொறியிடம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லவும் கூடாது. 'நிறைய' என்பது 'எடைய' ஆகிவிடும். 'கதிர்' என்ற சொல்லும் சிதையும். 'வேகம்' என்று தேடினால் 'வேகத்தின்' அகப்படாது. 'வேக' என்று தேடி, ஒவ்வோரிடமாகப் பார்த்து மாற்ற வேண்டும். எங்களுக்கு அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது.