‘யார் சொன்னது?’

2016-ல் பார்க்லேஸ் வங்கிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. தலைமை நிர்வாகி ஜெஸ் ஸ்டேலி அப்போதுதான் வேலைக்கு எடுத்திருந்த ஓர் அதிகாரியைப் பற்றிய கடிதம் அது. எழுதியவரைக் கண்டுபிடிக்க அவர் வங்கியின் பாதுகாப்புப் பிரிவை ஏவினார். 2018-ல் பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு அமைப்புகள் அவருக்கு 6,42,430 பவுண்டு அபராதம் விதித்தன. கடிதத்தில் இருந்தது உண்மையா பொய்யா என்பதற்காக அல்ல, எழுதியவரைத் தேடியதற்காக.

நம் ஊர் கம்பெனிகளிலும் ஒரு புகார் வந்தால் முதலில் எழுகிற கேள்வி, “யார் சொன்னது?” என்பதுதான். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், மக்களிடம் டெபாசிட் வாங்குபவை, வங்கிகளிலும் பொது நிதி நிறுவனங்களிலும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவை, இவையெல்லாம் ஊழியர்கள் முறைகேட்டைத் தெரிவிக்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-வது பிரிவும் அதன் விதிகளும். தணிக்கைக் குழு இல்லாத கம்பெனியில் இயக்குநர் ஒருவரை இதற்கென நியமிக்க வேண்டும். புகாரில் சொந்த நலன் கலந்திருப்பவர் விசாரணையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. குடும்பக் கம்பெனிகளில் அந்த இயக்குநர் பெரும்பாலும் முதலாளியின் மைத்துனராக இருப்பார் என்பது வேறு கதை.

கோவையில் வார்ப்புகளைக் கடைந்து பம்பு பாகங்கள் செய்கிற, 400 பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். லேத்தில் சேரும் இரும்புச் சுருளை ஸ்கிராப் வியாபாரி லாரியில் எடுத்துப் போகிறார். காலி லாரியை எடைபோட்டு, சரக்கு ஏற்றியபின் மறுபடி எடைபோடுவார்கள். காலி எடை 3,500 கிலோ இருக்க வேண்டிய லாரி, மணல் மூட்டைகளோடு வந்து 4,200 என்று சீட்டு வாங்குகிறது. மூட்டைகளை மறைவில் இறக்கிவிட்டுச் சரக்கை ஏற்றிக்கொள்கிறது. ஒரு நடைக்கு 700 கிலோ கணக்கில் வராமல் வெளியே போகிறது. கிலோ 30 ரூபாய் என்றால் 21,000 ரூபாய்.

இதைப் பார்த்த ஸ்டோர்ஸ் ஊழியர், “மேனேஜர் திருடன்” என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தேதி, லாரி எண், எடைச்சீட்டு எண் என்று எழுதினால் விசாரிக்கலாம். சிக்கலும் அதில்தான் இருக்கிறது. அன்று இரவு எடைமேடையில் இருந்ததே இரண்டு பேர் என்றால், பெயர் போடாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும்.

அதனால் நல்ல கொள்கை, புகாரைப் பிரிப்பது யார் என்பதையே முதலில் தீர்மானிக்கும். மனிதவள மேலாளரின் மேஜைக்குப் போகிற பெட்டியைவிட, நியமிக்கப்பட்ட இயக்குநர் மட்டும் திறக்கும் மின்னஞ்சலும் தபால் முகவரியும் மேல். அவர் புகாருக்கு ஓர் எண் கொடுத்து, பெயரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சாரத்தை மட்டும் விசாரிப்பவரிடம் தருவார். விசாரிப்பவர் ஸ்டோர்ஸ் மேனேஜருக்குக் கீழேயோ மேலேயோ இருப்பவராக இருக்கக் கூடாது.

அவர் அந்த ஒரு சீட்டை மட்டும் கேட்டால் காரியம் கெட்டது. வழக்கமான உள்தணிக்கை போல, மூன்று மாதத்துச் சீட்டுகளை எல்லா லாரிகளுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரே லாரியின் காலி எடை நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது, ஆர்சி புத்தகத்தில் உள்ள எடையோடு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கேமரா பதிவு அழிவதற்குள் பிரதி எடுத்து வைக்க வேண்டும். காகிதம் கைக்கு வந்தபிறகே மேனேஜரைக் கூப்பிட வேண்டும். அவர் பக்கத்தையும் கேட்டாக வேண்டும்; எடைமேடையே பழுதாக இருந்திருக்கலாம். புகார் தவறாகிப் போவது வேறு, பொய் என்று தெரிந்தே எழுதுவது வேறு. திரும்பத் திரும்ப அற்பப் புகார் தருபவரைக் கண்டிக்கத்தான் விதியில் இடம் உண்டு.

பாதுகாப்பு விஷயத்தில்தான் சட்டம் மெலிந்திருக்கிறது. பழிவாங்கலைத் தடுக்கப் ‘போதிய பாதுகாப்பு’ வேண்டும் என்கிறதே தவிர, அது என்ன என்று விரிக்கவில்லை. 2014-ல் வந்த தகவல் தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. ஆகவே தனியார் ஊழியருக்குக் கம்பெனியின் கொள்கையில் எழுதியிருப்பதுதான் பெரும்பாலும் கைப்பிடி.

பழிவாங்கல் டிஸ்மிஸ் ஆர்டராக வருவது அரிது. ஓவர்டைம் நிற்கும். தொடர்ந்து நைட் ஷிப்ட் விழும். ஓசூர் கிளைக்கு மாற்றல் வரும். “இவருக்கு மட்டும் ஏன்?” என்று இயக்குநர் கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எனவே புகாருக்குப் பின் ஓராண்டுக்கு அந்தப் பிரிவின் மாற்றல், இன்கிரிமென்ட், மெமோ பட்டியலை முழுதாக வாங்கி, அதற்குள் அவர் பெயரைப் பார்த்துக்கொள்வதே சரியான வழி. இதைக் கொள்கையிலேயே எழுதிவைக்கும் கம்பெனிகள் குறைவு.

முடிவு என்ன ஆனது என்று புகார் எண்ணுக்குப் பதில் அனுப்புவதும் விட்டுப்போகும் வேலைதான். பதில் வராதவர் அடுத்து வங்கிக்கு எழுதுவார். ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்ய வரும் ஆடிட்டரும் அந்த ஆண்டு வந்த புகார்களைக் கேட்பார். அவற்றைக் கருத்தில் கொண்டாரா என்று அறிக்கையில் சொல்வது 2020-ம் ஆண்டு உத்தரவின்படி அவர் கடமை. அவரிடம் காட்ட ஒரு பதிவேடு வேண்டும். அதில் எண்ணும் சாரமும் முடிவும் இருந்தால் போதும், பெயர் வேண்டாம்.