பெரிய கோவிலை ஒரு பக்கத்தில் எழுதுவது

தஞ்சைப் பெரிய கோவிலில் வழிகாட்டி ஒரு மணி நேரம் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்கிறவர்கள் பலர். ஊர் திரும்பிய பின் அதைக் கேட்டால் பாதி புரியாது. "இதோ பாருங்க", "அந்தப் பக்கம் இருக்கே" என்று அவர் கைகாட்டியது ஒலியில் பதிவாவதில்லை.

அதனால் குறிப்பெழுதும்போது முதல் வேலை, ஒவ்வொரு "இதோ"வுக்கும் இடம் கண்டுபிடிப்பது. நின்ற இடத்திலெல்லாம் ஒரு படம் எடுத்திருந்தால் வேலை சுலபம். படம் எடுத்த நேரத்தையும் பதிவின் நேரத்தையும் ஒப்பிட்டால் எதைப் பற்றிப் பேசினார் என்று தெரிந்துவிடும். "இந்தக் கல்வெட்டு" என்பது குறிப்பில் "விமானத்தின் அடித்தளம், வடபுறம்" என்று மாற வேண்டும். நாளை அதை வைத்துக்கொண்டு தனியாக வருகிறவர் அங்கே போய் நிற்க வேண்டுமே!

அடுத்தது சற்றுச் சிக்கலானது. விமானத்தின் முன் நின்று வழிகாட்டி ஒரே மூச்சில் சொல்வார்: ராஜராஜன் கட்டியது, உச்சியில் 80 டன் ஒற்றைக்கல், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள், நிழல் தரையில் விழாது, நந்தி வளர்ந்துகொண்டே போனதால் ஆணி அடித்தார்கள். இதை அப்படியே சுருக்கினால் கல்வெட்டும் கதையும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்துவிடும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"விமானம், ஏறத்தாழ 216 அடி. ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் உச்சிக் கலசத்துக்குச் செப்புக்குடம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது, அது பொ.ஆ. 1010. உச்சிக்கல் ஒற்றைக்கல் என்பதும் சாரப்பள்ளமும் வழிவழியாகச் சொல்லப்படுபவை. அது பல துண்டுகளால் ஆனது என்பது ஆய்வாளர் கருத்து. நிழல் விழும்: மாலையில் கிழக்குப் பக்கம் பாருங்கள். நந்தி நாயக்கர் காலத்தது, ஆணி, கதை."

கதையை வெட்டி எறியச் சொல்லவில்லை. ஊர் மக்கள் பல தலைமுறையாகச் சொல்லிவருவதும் அந்த இடத்தைச் சேர்ந்ததுதான். 'சொல்வார்கள்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஆனால் நிழல் விஷயம் போலக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியதைச் 'சொல்வார்கள்' என்று எழுதி நழுவக்கூடாது.

சுருக்கும்போது தொலைந்துபோவது பெரும்பாலும் நல்ல செய்திதான். ராஜராஜன் தான் கொடுத்ததோடு அக்கா குந்தவை கொடுத்ததையும், தன் தேவியர் கொடுத்ததையும், பிறர் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். கோவிலுக்காகக் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அவரவர் வீட்டு வரிசையும்கூட அங்கே இருக்கின்றன. வழிகாட்டி இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார். 80 டன்னுக்கு ஒரு வரி போதும். இதற்கு மூன்று வரி கொடுங்கள்.

பேச்சு அவருடைய பிழைப்பு. பதிவைத் தொடங்கும் முன் வழிகாட்டியிடம் கேளுங்கள். எழுதிய குறிப்பை அவருக்கும் ஒரு பிரதி அனுப்பி, திருத்தம் இருந்தால் சொல்லச் சொல்லுங்கள்.