கண்ணாடி எத்தனை டிகிரியில் உருகும்?

பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும். ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகும். கண்ணாடி எத்தனை டிகிரியில் உருகும் என்று கேட்டால், அந்தத் தொழிலில் ஊறியவர் எண் எதையும் சொல்ல மாட்டார். ‘என்ன வேலைக்குக் கேட்கிறீர்கள்?’ என்பார். அது நியாயமான கேள்விதான். கண்ணாடிக்கு உருகுநிலை என்ற ஒன்றே கிடையாது.

ஈயத்திலும் பனிக்கட்டியிலும் அணுக்களோ மூலக்கூறுகளோ வரிசை மாறாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட வெப்பத்தில் அந்த அடுக்கு மொத்தமாகக் குலைகிறது. கண்ணாடியில் குலைவதற்கு அப்படி ஓர் அடுக்கே இல்லை. சூடு ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாக இளகும். ஆற ஆற, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படும். வெல்லப் பாகில் பதம் பார்ப்பது போல இதிலும் பதம்தான் பார்க்க வேண்டும். அந்தப் பதத்தை அளக்கும் அளவுதான் பாகுநிலை, அதாவது ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கம். அதன் அலகு பாஸ்கல்-நொடி. தண்ணீருக்கு அது 0.001. தேனுக்குச் சுமார் 10.

நாம் அன்றாடம் புழங்கும் பாட்டிலும் ஜன்னல் கண்ணாடியும் மணல், சோடா, சுண்ணாம்பு ஆகிய மூன்றையும் உருக்கிச் செய்த சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. உலையில் 1,450 டிகிரியில் அது தேன் அளவுக்குத்தான் கெட்டியாக இருக்கும். சுமார் 1,020 டிகிரிக்கு இறங்கும்போது பாகுநிலை 1,000 ஆகிவிடும். இதைத்தான் ‘வொர்க்கிங் பாயிண்ட்’ என்கிறார்கள்; வேலைநிலை என்று சொல்லலாம். 720 டிகிரியில் அது 40 லட்சத்தைத் தொடும். அது ‘சாஃப்டனிங் பாயிண்ட்’, இளகுநிலை. 545 டிகிரியில் ஒரு லட்சம் கோடி. அது ‘அனீலிங் பாயிண்ட்’, ஆற்றுநிலை. இந்த மூன்று இடங்களிலும் கண்ணாடிக்குள் திடீரென எதுவும் நடந்துவிடுவதில்லை. தொழிலுக்குத் தேவைப்படுகிறதே என்று, வழுவழுப்பாக ஏறும் ஒரு கோட்டில் மனிதர்கள் நட்டுக்கொண்ட மைல்கற்கள் அவை.

கோடு ஏறும் விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். 1,020 டிகிரி அருகில் பாகுநிலை பத்து மடங்காகச் சுமார் 140 டிகிரி ஆற வேண்டியிருக்கிறது. 545 டிகிரி அருகில் அதே பத்து மடங்குக்கு வெறும் 20 டிகிரி போதும். மேலே 20 டிகிரி பிசகினாலும் சமாளித்துக்கொள்ளலாம். கீழே அதே பிசகு பாகுநிலையைப் பத்து மடங்கு மாற்றிவிடும். இந்த வளைவைக் கணக்கிட 1920-களில் ஃபோகல், ஃபுல்ச்சர், டாம்மன் ஆகிய மூவரும் தனித்தனியே கண்ட சமன்பாட்டைத்தான் தொழிற்சாலைகள் இன்றும் பயன்படுத்துகின்றன.

ஒரு பாட்டிலின் பயணத்தோடு போனால் இது தெளிவாகும். உலையிலிருந்து இறங்கும் குழம்பைக் கத்தரி துண்டு துண்டாக வெட்டுகிறது. ‘காப்’ எனப்படும் அந்தத் துண்டு வேலைநிலையைவிடச் சற்று அதிகச் சூட்டில் அச்சுக்குள் விழுகிறது. அதிகமாக இளகியிருந்தால் தன் எடையிலேயே தொங்கி, சுவர் ஓரிடத்தில் மெலிந்து இன்னோரிடத்தில் தடித்துப் போகும். ஆறிப்போய் விழுந்தால் மடிப்பு விழும், மேற்பரப்பில் மயிரிழை விரிசல் ஓடும். அச்சில் காற்றை ஊதி வடிவம் கொடுத்த சில நொடிகளில், பாட்டில் இளகுநிலைக்குக் கீழே வந்து தன் காலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே எடுத்ததும் சரிந்துவிடும். வேலைநிலைக்கும் இளகுநிலைக்கும் இடையிலுள்ள இந்த 300 டிகிரிக்குள்தான் கண்ணாடிக்கு உருவம் கொடுக்க முடியும்.

இளகுநிலையை அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. அதை வகுத்தவர் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெஸ்ஸி லிட்டில்டன். (1913-இல் இவருடைய மனைவி பெஸ்ஸி, வெட்டிய பேட்டரி ஜாடியின் அடிப்பகுதியில் கேக் சுட்டுப் பார்த்ததுதான் பைரெக்ஸ் பாத்திரங்களுக்கு வழிகாட்டியது.) சுமார் 0.65 மில்லிமீட்டர் தடிமனும் 235 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட கண்ணாடி இழை ஒன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் மேல் 10 சென்டிமீட்டரை மட்டும் சிறு உலைக்குள் மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். எடை எதையும் கட்டுவதில்லை. இழையின் சொந்த எடைதான் அதை இழுக்கிறது. நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் இழை நீளும்போது இருக்கும் வெப்பம்தான் இளகுநிலை.

ஆற்றுநிலையில் நடப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அச்சிலிருந்து வந்த பாட்டிலை அப்படியே வெளியில் வைத்தால் தோல் முதலில் ஆறும், உட்பகுதி பின்தங்கும். இரண்டும் இறுகிய பிறகு, அதிகச் சூட்டோடு இறுகிய உட்பகுதி கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே இறுகிய தோல் அதை விடாது. உள்ளே இழுவிசையும் வெளியே அழுத்தமும் நிலையாகத் தங்கிவிடும். அந்தப் பாட்டில் அன்றைக்கு முழுசாகத்தான் இருக்கும். என்றோ ஒரு நாள் ஒரு கீறலிலோ கொஞ்சம் வெந்நீரிலோ சிதறும்.

இந்த இறுக்கம் தளர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை, பாகுநிலையைக் கண்ணாடியின் விறைப்பால் வகுத்து மதிப்பிடலாம். விறைப்பு சுமார் 3,000 கோடி பாஸ்கல். ஒரு லட்சம் கோடியை அதனால் வகுத்தால் 33 நொடி வரும். இறுக்கத்தில் பெரும்பகுதி தளர இதைப் போலப் பல மடங்கு நேரம் வேண்டும் என்பதால், ஆற்றுநிலையில் 15 நிமிடம் வைப்பது வழக்கம். இன்னும் 30 டிகிரி இறங்கி 515-க்கு வந்தால் பாகுநிலை 32 லட்சம் கோடியாகிறது. அதே வேலைக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அந்த இடத்துக்கு ‘ஸ்ட்ரெய்ன் பாயிண்ட்’ என்று பெயர். ஆகவே ‘லேர்’ என்ற நீண்ட உலையில் பாட்டில்கள் ஆற்றுநிலைச் சூட்டில் கொஞ்ச நேரம் நின்று, அடுத்த சில பத்து டிகிரியை மிக மெதுவாகக் கடக்கின்றன. அதற்குக் கீழே வேகமாக ஆறவிடலாம். வெப்பத்தைப் பரபரவென்று இறக்கக் கூடாத இடம் இந்தக் குறுகிய பட்டைதான்.

மூன்று எண்களும் ஏன் வேண்டும், ஒன்று போதாதா என்று கேட்கலாம். ஆய்வகக் குடுவைகள் செய்யும் போரோசிலிக்கேட் கண்ணாடியின் ஆற்றுநிலை 560 டிகிரி, பாட்டில் கண்ணாடியைவிட 15 டிகிரிதான் கூடுதல். அதன் இளகுநிலையோ 820, வேலைநிலையோ 1,250. ஆற்றுநிலையை மட்டும் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர், பாட்டில் கண்ணாடிக்குப் போதிய தீயில் குடுவையை வளைக்கவே முடியாமல் திணறுவார்.

தங்கியிருக்கும் இறுக்கத்தை நீங்களே வீட்டில் பார்க்கலாம். மடிக்கணினித் திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி வழியே பாருங்கள். திரை இருட்டாகும்வரை குளிர்கண்ணாடியைத் திருப்பிவிட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடியுங்கள். நன்றாக ஆற்றிய பாத்திரம் ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். வெளிச்சமோ வண்ணப் பட்டைகளோ தெரிந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது என்று பொருள். வேண்டுமென்றே குளிர்காற்றடித்து இறுக்கிய ‘டஃபண்ட்’ கண்ணாடியிலும் அப்படித் தெரியும். அது கோளாறு இல்லை. சாதாரணக் கண்ணாடி ஜாடியில் ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று தெரிந்தால், அதில் கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள்.